மளிகைக் கடைகளுக்கு மொத்த விலை: ஆர்டர் அளவுக்குத் தள்ளுபடியா, மாதக் கடைசியில் கழிவா?

பினாங்கில் மசாலாத்தூள், முறுக்கு, ஊறுகாய், ஊதுபத்தி என்று சிறிய அளவில் தயாரித்துக் கடைகளுக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அவர்களிடம் எழுதிவைத்த விலைப்பட்டியல் இருக்காது. கேட்கிற கடையைப் பொறுத்து விலை, பழக்கத்தைப் பொறுத்துக் கடன். பத்துப் பன்னிரண்டு கடைகள் வரை இது ஓடும். அதைத் தாண்டினால் லெபோ பசாரில் அடுத்தடுத்த இரண்டு கடைக்காரர்கள் பில்லை ஒப்பிட்டுப் பார்க்கும் நாள் வந்தே தீரும். அப்போது பட்டியல் போட்டே ஆகவேண்டும். ஆனால் எந்த மாதிரிப் பட்டியல்?

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஓர் எடுத்துக்காட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிறையில் ஒரு அக்கா மீன் மசாலாவும் இறைச்சி மசாலாவும் அரைத்து, பாக்கெட் போட்டு, 24 பாக்கெட் கொண்ட பெட்டிகளாக விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிளகாய், மல்லி, கூலி, பாக்கெட், பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு பெட்டிக்கு அடக்கம் 80 வெள்ளி. கடைக்கு அவர் போடும் விலை 115 வெள்ளி. வேன் ஒரு கடை வாசலில் நின்று சரக்கை இறக்கிவிட்டுப் போக, ஆள், எண்ணெய், டோல், நேரம் எல்லாம் சேர்த்து 30 வெள்ளி ஆகிறது. இந்த மூன்று எண்கள் போதும். உங்கள் தொழிலில் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் கணக்குப் போகும் வழி இதுதான்.

முதலில் அந்த 30 வெள்ளியைக் கவனிக்க வேண்டும். அதிகம் எடுக்கிற கடைக்கு ஏன் விலை குறைக்கிறோம்? அதிகம் எடுத்தால் நமக்குச் செலவு மிச்சமாகிறது என்பதால்தான். இரண்டு பெட்டி இறக்கினால் ஒரு பெட்டியின் மேல் 15 வெள்ளி வேன் செலவு விழுகிறது. நான்கு இறக்கினால் ஏழரை, பத்து இறக்கினால் மூன்று. ஆக நான்கிலிருந்து பத்துக்குப் போகும்போது நமக்கு மிச்சமாவது பெட்டிக்கு நாலரை வெள்ளிதான். அதற்கு மேல் கொடுக்கிற தள்ளுபடி நம் லாபத்திலிருந்து போகிறது. தெரிந்து கொடுத்தால் சரி, தெரியாமல் கொடுப்பதுதான் ஆபத்து.

குறைந்தபட்ச ஆர்டரும் இதே எண்ணிலிருந்துதான் வருகிறது. ஒரு பெட்டி விற்றால் 35 வெள்ளி கிடைக்கிறது. வேனுக்கு 30 போனால் மிஞ்சுவது ஐந்து. அதனால் கடை வாசலுக்கு வர குறைந்தது இரண்டு பெட்டி, ஒரு பெட்டிதான் வேண்டுமென்றால் பிறைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று வைப்பது நியாயம். ஆனால் அந்த இரண்டு பெட்டியும் ஒரே சரக்காக இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக்கூடாது. சின்னக் கடைக்கு இறைச்சி மசாலா 24 பாக்கெட் விற்க இரண்டு மாதம் ஆகலாம். 12 பாக்கெட் கொண்ட அரைப்பெட்டியும் போட்டு, எதையும் கலந்து இரண்டு பெட்டி சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால் கடைக்காரருக்குச் சுமை இல்லை, வேனுக்கும் நஷ்டமில்லை. தீவுப் பக்கம் போகிற கடைகளுக்கு ஒரு கிழமையைக் குறித்துவைப்பதும் உதவும். பாலத்தில் டோல் தீவுக்குப் போகும்போதுதான், திரும்பும்போது இல்லை. ஒரு டோலில் எத்தனை கடை என்பதுதான் அங்கே கணக்கு.

சரி, இப்போது அடுக்கு விலைக்கு வருவோம். நம்மூரில் அதிகம் பார்க்கிற வகை இதுதான்: ஒன்று முதல் நான்கு பெட்டி வரை 115, ஐந்து முதல் ஒன்பது வரை 110, பத்தும் அதற்கு மேலும் 105. எந்த அடுக்கில் ஆர்டர் விழுகிறதோ அந்த விலை எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும். சொல்ல எளிது, கடைக்காரர் தலையிலேயே கணக்குப் போட்டுக்கொள்வார்.

ஆனால் எல்லைக்கோட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒன்பது பெட்டி எடுத்தால் 990 வெள்ளி வருகிறது. பத்து எடுத்தால் 1,050. பத்தாவது பெட்டிக்கு நமக்கு வந்தது 60 வெள்ளி, அதன் அடக்கமோ 80. வேன் செலவைக் கழித்தால் ஒன்பது பெட்டியில் 240 வெள்ளி லாபம், பத்தில் 220. அதிகம் விற்றுக் குறைவாகச் சம்பாதிக்கிறோம். இதைவிட மோசம், எட்டு ஒன்பது எடுக்கவேண்டிய கடை எப்போதும் பத்தாக்கித்தான் கேட்கும், ஏனென்றால் அவர்களுக்கும் கணக்குத் தெரியும். அடுக்கு விலை போடுகிறவர்கள் ஒவ்வொரு எல்லையிலும் இந்த ஒரு கழித்தலைச் செய்து பார்க்கவேண்டும்: எல்லையைத் தாண்டுகிற அந்த ஒரு பெட்டிக்கு எவ்வளவு வருகிறது, அது அடக்கத்துக்கு மேல் இருக்கிறதா? இங்கே நான்கிலிருந்து ஐந்துக்குத் தாண்டும்போது 90 வருகிறது, தப்பித்தோம். பத்தில் மாட்டிக்கொண்டோம்.

இந்த வகையில் இன்னொரு தொல்லை சரக்கு தேங்குவது. மாதம் 12 பெட்டி விற்கிற கடை பத்து நாளுக்கொருமுறை நான்கு பெட்டி எடுப்பதுதான் மசாலாவுக்கு நல்லது, வாசம் போகாது, வண்டு வைக்காது. ஆனால் 105 விலைக்காக மொத்தமாக எடுத்து அலமாரிக்குப் பின்னால் அடுக்கிவைப்பார்கள். இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் குறை சொல்வது கடையை அல்ல, பாக்கெட்டில் இருக்கிற பெயரை.

மூன்றாவது தொல்லையைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நாளாகும். பத்துப் பெட்டி விலையில் எடுத்த பெரிய கடை, பக்கத்துச் சின்னக் கடைக்கு 108-க்குத் தள்ளிவிடும். சின்னக் கடைக்கு நம்மிடம் 115, அங்கே 108. அடையாளம் எப்படியிருக்கும் என்றால், சின்னக் கடையிலிருந்து ஆர்டர் நின்றுவிடும், ஆனால் போய்ப் பார்த்தால் அலமாரியில் நம் பாக்கெட் புதிதாக இருக்கும். அரைத்த தொகுதியின் எண்ணைப் பாக்கெட்டிலும், எந்தக் கடைக்குப் போனது என்று டெலிவரி ஆர்டரிலும் எழுதிவைத்திருந்தால் எந்த வழியாக வந்தது என்று தெரிந்துவிடும். அப்படிக் கைமாற்றுவது குற்றமில்லை. நம் விலை இடைவெளி அதற்கு இடம் கொடுத்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, படிப்படியாகக் குறைப்பது. முதல் நான்கு பெட்டிக்கு 115, அடுத்த ஐந்துக்கு 110, பத்தாவதிலிருந்து 105. குறைந்த விலை அந்த அடுக்கில் விழுகிற பெட்டிகளுக்கு மட்டும். பத்துப் பெட்டிக்கு 460, 550, 105 என்று மொத்தம் 1,115 வெள்ளி. எல்லையில் பள்ளம் இல்லை, ஒவ்வொரு கூடுதல் பெட்டியும் குறைந்தது 105 கொண்டுவருகிறது. வருமான வரி இப்படித்தான் கணக்கிடப்படுகிறது, அதனால் இது யாருக்கும் புரியாத விஷயமில்லை. ஆனாலும் கடை வாசலில் இது எடுபடுவதில்லை. பில்லில் ஒரே சரக்குக்கு மூன்று வரி, மூன்று விலை. வேலைக்குப் புதிதாக வந்த பையன் பில் போட்டால் தப்புகிறது. கடைக்காரருக்கோ "எனக்கு என்ன விலை?" என்ற கேள்விக்கு ஒரு எண் வேண்டும். அதோடு, ஆர்டர் அளவைப் பார்த்துத்தான் இதிலும் விலை என்பதால் சரக்கு தேங்குகிற தொல்லை முழுதாகத் தீராது.

கடைக்காரர்கள் கேட்கிற ஒரு கேள்வி இந்த இரண்டு வகையையும் மடக்கிவிடும். "அக்கா, நான் மாசம் பன்னிரண்டு பெட்டி எடுக்கிறேன். ஒரே நாள்ல எடுக்காததுக்கா எனக்கு விலை கூட?" நியாயமான கேள்வி. அவர் நல்ல வாடிக்கையாளர், சரக்கைப் புதிதாகவும் வைத்திருக்கிறார், அதற்குத் தண்டனை கொடுக்கிறோம்.

மூன்றாவது வழி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. பில் எல்லோருக்கும் 115 வெள்ளியிலேயே போகும். மாதம் முடிந்ததும் அந்த மாதம் மொத்தம் எடுத்ததைக் கூட்டி, கழிவைக் கிரெடிட் நோட்டாகக் கொடுத்துவிடுவது. அந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து நாம்தான் போடுகிறோம், கடை வாசலில் அல்ல. அதனால் படிப்படியாகக் குறைக்கிற முறையை இங்கே தாராளமாக வைக்கலாம். மாதத்தின் முதல் 6 பெட்டிக்குக் கழிவில்லை, ஏழிலிருந்து பதினைந்து வரை பெட்டிக்கு 8 வெள்ளி, பதினாறிலிருந்து 12 வெள்ளி. மாதம் 12 பெட்டி எடுப்பவருக்கு ஆறு பெட்டிக்குக் கழிவு, அதாவது 48 வெள்ளி. மாதம் 20 எடுப்பவருக்கு 72-ம் 60-ம் சேர்த்து 132 வெள்ளி, சராசரியில் பெட்டி 108 வெள்ளி 40 சென்.

அந்த 12 பெட்டிக் கடையை மட்டும் எடுத்துக்கொண்டு லாபத்தைப் பார்ப்போம். முதல் வகையில் அவர் மொத்தமாக ஒரே நாளில் எடுத்தால் 1,260 வரவு, அடக்கம் 960, வேன் 30, மிச்சம் 270. மூன்றாவது வகையில் மூன்று தடவை எடுத்தால் 1,380-ல் 48 கழிந்து 1,332, அடக்கம் 960, வேன் மூன்று தடவைக்கு 90, மிச்சம் 282. மூன்று தடவை வேன் போயும் கொஞ்சம் கூடத்தான் நிற்கிறது. கடையில் சரக்கும் புதிதாக இருக்கிறது.

இதற்கும் பலவீனம் உண்டு. பில்லில் 115 என்று இருக்கும், போட்டிக்காரரின் பில்லில் 110 இருக்கும். கழிவையும் சேர்த்துப் பார்த்தால் நம்முடையது மலிவாக இருந்தால்கூடக் கடைக்காரர் கண்ணில் படுவது 115-தான். அதனால் பட்டியலிலேயே "மாதம் 12 பெட்டிக்கு உங்கள் விலை 111, 20 பெட்டிக்கு 108.40" என்று ஒரு வரி அச்சிட்டுவிடவேண்டும். இன்னொன்று, கிரெடிட் நோட் சொன்ன தேதியில் வரவேண்டும். ஒரு மாதம் தள்ளிப்போட்டாலே கடைக்காரர் அதைப் பேச்சுக்குச் சொன்ன தள்ளுபடி என்று நினைத்துவிடுவார், அப்புறம் நம்பவைப்பது கஷ்டம். மாதம் 20 பெட்டியை இரண்டே தடவையில் இறக்கிக்கொள்கிற பெரிய கடை, தன்னால் வேன் செலவு குறைகிறதே என்று கேட்டால் அதுவும் சரிதான். அவருக்காகத் தனி விலை வைக்காமல், ஒரே இறக்கலில் 10 பெட்டியோ அதற்கு மேலோ எடுத்தால் பில்லில் 20 வெள்ளி குறையும் என்று எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம். அப்போதும் எல்லையில் இருக்கிற பெட்டி அடக்கத்துக்குக் கீழே போகாது: 115-ல் 20-ம் 12-ம் போனால் 83.

என் பார்வையில், 15-லிருந்து 50 கடை வரை போடுகிற ஒருவருக்கு மூன்றாவதுதான் சரி. முக்கியக் காரணம் மேலே சொன்ன 12 வெள்ளி வித்தியாசமல்ல. கழிவு பில் போட்ட பிறகு வருவதால், பணம் கட்டுவதோடு அதை இணைக்க முடிகிறது. முதல் இரண்டு வகையில் தள்ளுபடியை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பணத்துக்காக நாம் அலைகிறோம்.

பணம் கட்டும் முறைக்கு வருவோம், ஏனென்றால் விலையைவிட இதில்தான் சிறு தொழில்கள் அதிகம் விழுகின்றன. கையில் காசு வாங்கிக்கொண்டு சரக்கு இறக்குவது பாதுகாப்பானது, ஆனால் பழகிய மளிகைக் கடையிடம் எப்போதும் அதைக் கேட்க முடியாது. விற்றால் காசு, விற்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள் என்று வைப்பது புதுக் கடையில் முதல் மாதம் ஓர் அலமாரித் தட்டுக்குப் பொருந்தும். ஒவ்வொரு தடவையும் போய் எண்ணவேண்டும், குறைந்தால் யார் பொறுப்பு என்ற சண்டை வரும். அதற்கு மேல் நீட்டக்கூடாது. உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான்: முப்பது நாள் கடன், அல்லது பில்லுக்குப் பில்.

முப்பது நாள் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்கிறோம். எந்த நாளிலிருந்து முப்பது என்று கேட்டுப்பாருங்கள். பில் தேதியிலிருந்தா, மாதக் கடைசியில் அனுப்பும் கணக்குத்தாளிலிருந்தா? கடைகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்ளும். அந்த 12 பெட்டிக் கடை ஒவ்வொரு மாதமும் 1, 11, 21 தேதிகளில் நான்கு நான்கு பெட்டியாக எடுக்கிறது. மார்ச் மாதத்துப் பணம் ஏப்ரல் கடைசியில் வரும். ஏப்ரல் 21-ஆம் தேதி சரக்கு இறக்கிவிட்டு வேன் கிளம்பும்போது அந்தக் கடை நமக்குத் தரவேண்டியது ஆறு பில், 2,760 வெள்ளி. மார்ச் 1-ஆம் தேதி போட்ட சரக்குக்கு ஏறக்குறைய இரண்டு மாதமாகக் காசு வரவில்லை, ஆனாலும் கடைக்காரர் பேச்சுத் தவறவில்லை.

பில்லுக்குப் பில் என்றால், புதுச் சரக்கு இறங்கும்போது போன தடவை பில்லைக் கட்டவேண்டும். அதே கடை எந்த நாளிலும் நமக்குத் தரவேண்டியது ஒரு பில், 460 வெள்ளி. அடக்க விலையில் பார்த்தால் 320 வெள்ளிக்கும் 1,920 வெள்ளிக்கும் உள்ள வித்தியாசம். இப்படி இருபது கடை இருந்தால், பில்லுக்குப் பில்லில் நம் பணம் 6,400 வெளியே நிற்கிறது, முப்பது நாள் கடனில் 38,400. மிளகாய் இறக்குமதி செய்கிறவர் நமக்கு அவ்வளவு நாள் கடன் தரமாட்டார்.

கடை கட்டாமலே போய்விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். நான்கு பெட்டி ஒரு தடவை இறக்கினால் வேன் செலவு போக நமக்கு 110 வெள்ளி. 2,760 வெள்ளி பாக்கியோடு ஒரு கடை மூடினால், போன அடக்கம் 1,920-ஐ ஈடுகட்ட இன்னொரு கடையில் 18 தடவை சரக்கு இறக்கவேண்டும். மாதம் மூன்று தடவை என்றால் அரை வருடம் அந்தக் கடைக்கு நாம் சும்மா வேலை செய்கிறோம். ஒரு பில் மட்டும் போனால் மூன்று தடவையில் சரியாகிவிடும்.

பில்லுக்குப் பில் வைத்தால் ரொக்கத்துக்குத் தனித் தள்ளுபடி தேவையில்லை. இரண்டு சதவீதம் குறைத்தால் 460-ல் 9 வெள்ளி 20 சென் போகும், அது பத்து நாள் முன்னால் பணம் வருவதற்குக் கொடுக்கிற விலை. ஒவ்வொரு தடவையும் கிடைக்கிற 110-ல் அதை விட்டுக்கொடுக்க நியாயமில்லை. அதற்குப் பதில் மாதக் கழிவில் ஒரே ஒரு நிபந்தனை போடலாம்: அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டி முடித்த பில்களில் இருக்கிற பெட்டிகளுக்கு மட்டுமே கழிவு. ஒரு பில் விட்டுப்போனால் 12 பெட்டி 8 ஆகிவிடும், 48 வெள்ளி 16 ஆகிவிடும். கணக்குத்தாளில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் 3-ஆம் தேதியே அனுப்பிவிட்டால் நாம் ஃபோன் போட்டு நச்சரிக்கத் தேவையில்லை.

மினிமார்க்கெட்டுகளும் பல கிளைக் கடைகளும் பில்லுக்குப் பில் ஒத்துக்கொள்ளாது. அவர்கள் கணக்குப் பிரிவு மாதம் ஒருமுறைதான் பணம் அனுப்பும். அவர்களுக்கு முப்பது நாள் கொடுக்கலாம், ஆனால் ஒரு உச்ச வரம்போடு, அதைத் தாண்டினால் வேன் நிற்காது என்று எழுத்தில். கொடுக்கும் முன்னால் எஸ்எஸ்எம் பதிவு விவரத்தைக் காசு கட்டி எடுத்துப் பார்ப்பது நல்லது. பெயர்ப்பலகையில் ஒரு பெயர், பதிவில் வேறொரு செண்டிரியான் பெர்ஹாட் என்று இருக்கும். பில் பதிவில் இருக்கிற பெயருக்குப் போகவேண்டும், டெலிவரி ஆர்டரில் கையெழுத்தும் கடை முத்திரையும் இருக்கவேண்டும். பிறகு தகராறு வந்தால் இந்தத் தாள்தான் பேசும். 5,000 வெள்ளி வரையிலான பாக்கிக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு இருக்கிறது, வக்கீல் இல்லாமலே நடத்தலாம். ஆனால் வழக்குத் தொடுப்பவர் தனிநபராக இருக்கவேண்டும், கம்பெனி தொடுக்க முடியாது. ஒரு கடையின் கடன் வரம்பை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் எழுதவேண்டியவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இவைதான் அடிக்கடி விட்டுப்போகின்றன. ஒன்று, விலை எந்தத் தேதியிலிருந்து, மாறினால் எத்தனை நாள் முன்னால் சொல்வோம் என்பது. மிளகாய் விலை ஏறும்போது இரண்டு வார அவகாசம் கொடுப்பது மரியாதை, ஆனால் அந்த இரண்டு வாரத்தில் கடை தன் வழக்கமான அளவுக்கு மேல் பழைய விலையில் எடுக்க முடியாது என்றும் எழுதவேண்டும். தீபாவளிக்கு முன் இது இல்லாமல் மாட்டிக்கொண்டால் ஒரு மாதச் சரக்கு பழைய விலையில் போய்விடும். இரண்டு, சில்லறை விலை. ஒரு பாக்கெட் இன்ன விலைக்கு விற்கலாம் என்று பரிந்துரை போடலாம். அதற்குக் கீழே விற்றால் சரக்கு தரமாட்டேன் என்று கட்டாயப்படுத்தினால் 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் கீழ் சிக்கல் வரும். விலையை வெட்டி விற்கிற கடையைப் பற்றிப் பக்கத்துக் கடைக்காரர் புகார் சொன்னால், கேட்டுக்கொள்ளலாம், அந்தக் கடையை மிரட்டக்கூடாது.

ஏற்கெனவே தனித்தனி விலையில் ஓடுகிற கடைகளைப் புதுப் பட்டியலுக்கு மாற்றும்போது ஒரு மாதம் பழைய விலையிலேயே போட்டுக்கொண்டு, கணக்குத்தாளில் புது முறையில் என்ன வந்திருக்கும் என்பதையும் எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான கடைகளுக்குச் சில வெள்ளி கூடும் அல்லது குறையும், அதை நேரில் பேசித் தீர்க்கலாம். பழைய பாக்கி நிற்கிற கடையில் முழுப் பாக்கியையும் கேட்டுவிட்டுப் பில்லுக்குப் பில் தொடங்கமுடியாது. பாக்கியைத் தனியாக எடுத்துவைத்து, ஒவ்வொரு புதுச் சரக்கோடும் 50 வெள்ளி என்று பழையதில் கழித்துக்கொண்டு வாருங்கள். புதுப் பில்லைக் கட்டிய பணத்தைப் பழைய பாக்கியில் வரவு வைக்காதீர்கள். அப்படி வைத்தால் கடைக்காரர் ஒழுங்காகக் கட்டினாலும் மாதக் கழிவு அவருக்குக் கிடைக்காது, இரண்டே மாதத்தில் அவர் வேறு மசாலாவுக்குப் போய்விடுவார்.